ஆஃபர் மெயில் ஸ்பாமில் விழுவது ஏன்? 12 பேர் போதும்!

புதுக்கோட்டை - தஞ்சாவூர் சாலையில் இருக்கும் ஆதனக்கோட்டை முந்திரிக்குப் பெயர்போன ஊர். அங்கே ஒரு கடை ஆன்லைனிலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல வருடங்களாகச் சேர்த்த 4,000 மெயில் முகவரிகள் கடையின் கையில் இருக்கின்றன. தீபாவளிக்கு முன்பு ஒரே மாலையில் அத்தனை பேருக்கும் ஆஃபர் மெயிலைத் தட்டிவிடுகிறார் கடைக்காரர். ஆர்டர் வரவே இல்லை. சந்தேகப்பட்டு தன் சொந்த ஜிமெயிலைத் திறந்து பார்த்தால், அந்த மெயில் ஸ்பாமில் கிடக்கிறது.

'இலவசம்', 'தள்ளுபடி' என்று எழுதியதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வார்த்தையைவிட, அனுப்புவது யார், வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதைத்தான் ஜிமெயில் அதிகம் பார்க்கிறது.

முதலில் அடையாளம்

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதிகளை இறுக்கின. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்புவோருக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். மூன்றையும் செய்துவிடுவதே நல்லது.

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல். டிகேஐஎம் ஒவ்வொரு மெயிலிலும் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து. இந்த இரண்டில் ஒன்றாவது, அனுப்புநர் இடத்தில் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் இவற்றைச் சேர்க்க வேண்டும். எஸ்பிஎஃப், டிமார்க் வரிகள் இப்படி இருக்கும்:

```
v=spf1 include:_spf.google.com include:sendgrid.net ~all
v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com
```

பலர் சறுக்குவது எஸ்பிஎஃப்பில்தான். புதிதாக மொத்த மெயில் சேவை ஒன்றில் சேரும்போது, பழைய வரி இருக்கவே இன்னொரு எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். இரண்டு இருந்தால் சோதனையே தோற்றுவிடும். மேலே உள்ளதுபோல இரண்டு சேவைகளையும் ஒரே வரிக்குள் எழுத வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` அழுத்துங்கள். மூன்றுக்கும் எதிரே `PASS` வந்திருக்க வேண்டும்.

பட்டியலைச் சலியுங்கள்

அடையாளம் சரியாக இருந்தும் மெயில் ஸ்பாமுக்குப் போகலாம். ஏனென்றால், 'ஸ்பாம்' பட்டனை அழுத்துவோர் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். 4,000 மெயிலும் ஜிமெயில் இன்பாக்ஸில் சேர்ந்தது என்று வைத்தால், 0.3 சதவீதம் என்பது வெறும் 12 பேர்!

அந்த 12 பேர் யார்? எப்போதோ ஒருமுறை வாங்கிவிட்டுக் கடையையே மறந்தவர்கள். 'இனி வேண்டாம்' என்று சொல்ல லிங்க் தேடிக் கிடைக்காதவர்கள். அதனால் விலகும் லிங்க்கை ஒளித்து வைக்காதீர்கள். விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, செத்துப்போன முகவரிகள். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியது. பழைய பட்டியலில் இவை நிச்சயம் இருக்கும். `550 5.1.1` என்று திரும்பி வந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று அர்த்தம். உடனே எடுத்துவிடுங்கள்.

நம் முந்திரிக் கடையில் இப்படி 350 முகவரிகள் போகின்றன. இரண்டு வருடமாக எதுவும் வாங்காத, எந்த லிங்க்கையும் தொடாத 1,450 பேரைத் தனியே வைக்கிறார்கள். மீதி 2,200 பேர்.

கொஞ்சம் கொஞ்சமாக

மாதக்கணக்கில் சும்மா இருந்த டொமைனிலிருந்து திடீரென ஆயிரக்கணக்கில் மெயில் கிளம்பினால் ஜிமெயிலுக்குச் சந்தேகம் வரும். `421 4.7.28` என்ற பதில் வந்தால், வேகம் அதிகம், நிறுத்து என்று பொருள். எனவே கடை முதல் நாள், சமீபத்தில் வாங்கிய 200 பேருக்கு மட்டும் அனுப்பலாம். பிறகு சில நாள் இடைவெளியில் 400, 800, 800. இதற்கு இரண்டு வாரமாவது வேண்டும் என்பதால், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஆரம்பித்தால் லேட்.

புகார் விகிதத்தை கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் கொஞ்சமாக அனுப்புவோருக்கு அதில் எண் எதுவும் தெரியாமல் போகலாம். இன்னொரு பொறியும் உண்டு. இந்த விகிதம் இன்பாக்ஸில் சேர்ந்த மெயிலை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. மெயில் ஏற்கெனவே ஸ்பாமில் விழுந்துவிட்டால் புகார் சொல்ல ஆள் இருக்காது. எண் குறைவாக, அழகாகத் தெரியும். ஆகவே, புகாரும் இல்லை, ஆர்டரும் இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். நாலைந்து வாடிக்கையாளர்களுக்கு போன் போட்டு, மெயில் எங்கே வந்தது என்று கேளுங்கள்.