பள்ளிப் பையில் சிகரெட்: பெற்றோர் முதலில் கேட்க வேண்டியவை

பத்தாம் வகுப்புப் பையனின் பையைத் துவைக்க எடுக்கிறார் ஓர் அம்மா. ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் இரண்டு சிகரெட்டும் ஒரு லைட்டரும். இன்னொரு வீட்டில் அதே இடத்தில் பென் டிரைவ் போல ஒரு பொருள் கிடைக்கிறது. ஒரு முனையில் சார்ஜ் போடும் துளை, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சும் துளை. முகர்ந்தால் மாம்பழ வாசனை. அதுதான் வேப் எனப்படும் மின்சிகரெட். இரண்டு வீடுகளிலும் அடுத்து நடக்கக்கூடியது ஒன்றுதான்: அப்பாவுக்கு போன், மாலையில் அடி, சாமி படத்தின் முன் சத்தியம். மறுநாளிலிருந்து சிகரெட் பையில் இருக்காது. நண்பனின் பையிலோ தெருமுனைப் பெட்டிக்கடையிலோ இருக்கும்.

பெற்றோருக்கு அன்று தெரிந்தாக வேண்டியது, நிக்கோடின் பிள்ளையை எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்பது. ஒருமுறை இருமிக்கொண்டே இழுத்துப் பார்த்தவனுக்கும், இடைவேளை மணி அடிக்கும்வரை பொறுக்க முடியாதவனுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. இதை அறியும் ஒரே வழி, பிள்ளை உண்மையைச் சொல்வதுதான். அதனால்தான் முதல் நாள் கோபம் இவ்வளவு விலை பிடிக்கிறது. அடி விழுந்த வீட்டில் உண்மை வெளியே வருவதில்லை.

அம்மாவோ அப்பாவோ, பிள்ளை அதிகம் பேசுகிற ஒருவர் மட்டும் பேசினால் போதும். தாத்தா, சித்தப்பா, டியூஷன் மாஸ்டர் எல்லோரையும் கூட்டி நடத்தும் பஞ்சாயத்து வேண்டாம். "துவைக்க எடுத்தேன், இது இருந்துச்சு" என்று கண்டதைக் கண்டபடி சொல்லிவிடுவது நல்லது. தெரியாதது போல நடித்து அவன் வாயைக் கிளறினால், அவன் முதலில் சொல்லும் பொய்யே பிறகு அவனைக் கட்டிப்போட்டுவிடும். "என்னோடது இல்லம்மா, ஃபிரெண்டு வெச்சிருக்கச் சொன்னான்" என்ற பதில் அநேகமாக வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். அதில் வழக்காடிப் பயனில்லை. "சரிப்பா, அவனோடதாவே இருக்கட்டும். நீ அடிச்சுப் பாத்திருக்கியா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

இளம் வயதினரிடம் நிக்கோடினின் பிடியை அளக்க, பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை ஜோசப் டிஃப்ரான்ஸா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். அதன் சாரத்தை வீட்டுப் பேச்சிலேயே கேட்கலாம். விட முயன்று முடியாமல் போனதுண்டா? பிடித்தே ஆக வேண்டும் என்ற வெறி வருமா? பள்ளி போன்ற பிடிக்கக் கூடாத இடத்தில் அடக்கிக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறதா? பிடிக்காத நாளில் எரிச்சல், படபடப்பு, பாடத்தில் மனம் நில்லாமை உண்டா? இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலே பிடி விழத் தொடங்கிவிட்டது என்கிறது அந்தப் பட்டியல். நாள்தோறும் புகைப்பவர்களுக்குத்தான் அடிமைத்தனம் வரும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் எப்போதாவது பிடிப்பவர்களிடமும் இந்த அறிகுறிகள் தோன்றிவிடுகின்றன. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் பிடி இறுகிவிட்டது என்று பொருள்.

வேப் விஷயத்தில் அளவை அறிவது இன்னும் கடினம். சிகரெட்டை எண்ணிவிடலாம், இதை எண்ண முடியாது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, கழிவறையிலும் போர்வைக்குள்ளும் இழுக்கலாம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போகும் நிக்கோடின் சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். 5 சதவீதம் என்று அச்சிட்ட வேப் திரவத்தில் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் இருக்கிறது. அது முழுவதும் உடலில் சேர்வதில்லை என்றாலும், உப்பு வடிவ நிக்கோடின் தொண்டையை அதிகம் உறுத்தாததால் பிள்ளைகள் எத்தனை முறை இழுத்தோம் என்பதையே உணர்வதில்லை.

இந்தியாவில் மின்சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை அனைத்தும் 2019 முதல் சட்டப்படி தடை. எனவே கிடைப்பது எல்லாமே கள்ளச் சரக்கு, லேபிளில் உள்ளதை நம்ப வழியில்லை. 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பாதித்து மருத்துவமனைகளில் குவிந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. ஆகவே கருவியைக் கோபத்தில் உடைக்கவோ அடுப்பில் போடவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். திரவம் வீட்டிலுள்ள சிறு குழந்தையின் வாய்க்குப் போனால் விஷம். எட்டாத இடத்தில் எடுத்து வைத்து, பிள்ளைக்கு மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, விடாத வாந்தி இருந்தால் கருவியோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் பத்தாம் வகுப்புப் பையனுக்கு வருவோம். மூன்று மாதமாக, டியூஷன் முடிந்து நண்பர்களோடு தினமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கிடைக்காவிட்டால் எரிச்சல் என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைப் பிடி பற்றிவிட்டது, ஆனால் இறுகவில்லை. இரண்டு வாரத்துக்குள், தேர்வு இல்லாத ஒரு நாளை நிறுத்தும் நாளாக அவனே தேர்ந்தெடுக்கட்டும். நிறுத்தியபின் சிடுசிடுப்பு, தூக்கக் கெடுதல், பசி எல்லாம் ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அந்த நாட்களில் அவன் கதவை அறைந்து சாத்தினால் அதைத் திமிர் என்று எண்ணிவிடக் கூடாது. வெறி ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தைத் தண்ணீர் குடித்தோ, மாடிக்கு ஏறி இறங்கியோ கடத்திவிடலாம்.

கடினமானது மாலை ஆறரை மணி, டியூஷன் வாசல். அங்கே சில வாரம் அப்பா போய் அழைத்துவரலாம், அல்லது அவன் வீடு திரும்பும் பாதையை மாற்றலாம். "வேணாம்டா, வீட்ல தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொள்ளப் பெற்றோரே அவனுக்குச் சாக்காக இருக்கட்டும். நடுவில் ஒருநாள் பிடித்துவிட்டால், எங்கே, யாரோடு என்று கேட்டு, மறுநாளே திரும்பத் தொடங்கவேண்டும். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பிடிப்பதைக் குழந்தை மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. அது ஒளிக்கும் கலையைத்தான் வளர்க்கும்.

பிடி இறுகிய பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும். கடையில் கிடைக்கும் நிக்கோடின் சூயிங்கம்மைப் பெற்றோராக வாங்கிக் கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லாதது.

சிகரெட் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறுவனுக்குப் புகையிலை கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது. கடைமீது புகார் கொடுப்பது பெற்றோரின் உரிமை. பிள்ளையைச் சாட்சியாக இழுக்காமல், மற்ற பெற்றோரோடு சேர்ந்து கொடுப்பது நல்லது.

ஆனால் பல வீடுகளில் அந்தக் கடைக்குப் பிள்ளையை முதலில் அனுப்பியது அப்பாதான்: "ஓடிப்போய் ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வாடா". புகைக்கும் தந்தையர் இன்றோடு அதை நிறுத்துங்கள். மகன் தேர்ந்தெடுக்கும் நாளையே நீங்கள் விடும் நாளாகவும் வைத்துக்கொண்டு, இருவருக்குமாக அந்த உதவி எண்ணை அழையுங்கள்.