படத்தில் வண்டி தெரியும், பேட்டரி தெரியாது

விலைக்கு வந்திருக்கும் மின்சார ஸ்கூட்டரைப் படம் பிடித்து அனுப்பி, "இது என்ன வண்டி? சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்குப் படமே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குச் சொல்லாது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படத்தில் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால், பதிவு செய்த சொந்த உபயோக மின்சார வண்டி. பலகையே இல்லையென்றால், அது மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறிய ரகமாக இருக்கலாம். அந்த ரகத்துக்குப் பதிவு தேவையில்லை.

அடுத்து பின்சக்கரம். நடுவில் தடித்த வட்டமாக மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருந்து, பெல்ட்டோ செயினோ இல்லையென்றால் டிவிஎஸ் ஐகியூப் போன்ற வண்டி. மோட்டார் தனியாக இருந்து பெல்ட் சக்கரத்தைச் சுற்றினால் ஏத்தர் 450 பக்கம் யோசிக்கலாம். முன்னால் இரண்டு வட்ட விளக்குகள் ஒரே வளைவுக்குள் இருந்தால் ஓலா எஸ்1.

படத்தில் இருப்பது ஐகியூப் என்றே வைத்துக்கொள்வோம். 2024 மே மாத நிலவரப்படி இதில் 2.2, 3.4, 5.1 கிலோவாட் ஹவர் என மூன்று அளவு பேட்டரிகள் இருந்தன. நிறுவனம் சொன்ன தூரம் முறையே 75, 100, 150 கிலோமீட்டர். வெளித்தோற்றம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே விற்பவரிடம் ஆர்.சி. புத்தகத்தின் படத்தையும் கேளுங்கள். மாடல் என்ற இடத்தில் எந்த ரகம் என்பது பெரும்பாலும் இருக்கும்.

அது 3.4 என்று தெரிந்தால் செலவுக் கணக்கு எளிது. ஒரு கிலோவாட் ஹவர் என்பது கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட். ஊருக்குள் நின்று நின்று ஓட்டினால் 85 கிலோமீட்டர் கிடைப்பதாக வைப்போம். சார்ஜரில் சூடாகப் போகும் மின்சாரத்தையும் சேர்த்தால், பேட்டரி நிறையச் சுமார் 4 யூனிட் ஆகும். தினம் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 35 யூனிட். யூனிட் ஆறரை ரூபாய் என்றால் மாதம் 230 ரூபாய்க்குள் முடிந்துவிடும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும், அதே தூரத்துக்கு 1,670 ரூபாய் ஆகும்.

தமிழ்நாட்டில் வீட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுவதால் இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டியால் கூடுவது 70 யூனிட். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு என்றால் 520 ஆகிவிடும். 500ஐத் தாண்டினால் மேலே போன 20 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி பேட்டரியின் வகை. நம்பர் பிளேட் இல்லாத சிறிய வண்டிகள் பலவற்றில் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழேயோ 12 வோல்ட் கட்டிகள் ஐந்தாறு வரிசையாக இருந்தால் அதுதான். 60 வோல்ட், 28 ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். வருவது 1.68 யூனிட். முழுவதும் தீரும்வரை அடிக்கடி ஓட்டினால் இவை சீக்கிரம் சோர்ந்துவிடும். அப்போது புது செட் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தொகையையும் ஓட்டும் செலவில் சேர்க்க வேண்டும். மற்ற வண்டிகளில் இருப்பது லித்தியம். அதில் என்.எம்.சி. எடை குறைவு, எல்.எஃப்.பி. சற்றுக் கனம், ஆனால் அதிகத் தடவை சார்ஜ் தாங்கும். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. வாரன்டி தாளைக் கேட்டு, எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், வண்டி கைமாறினாலும் தொடருமா என்று பாருங்கள்.

பழைய வண்டியில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதை ஓட்டித்தான் அறிய முடியும். 100 சதவீதம் சார்ஜ் காட்டும்போது கிளம்பி, நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். 25 சதவீதம் குறைந்திருந்தால் முழு சார்ஜில் 80 கிலோமீட்டர் வரும். 40 சதவீதம் குறைந்திருந்தால் 50தான். உங்கள் தினசரி 30 கிலோமீட்டருக்கு அந்த 50 போதும் என்றாலும், புது பேட்டரியின் விலையை சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்ட பிறகே வண்டிக்கு விலை பேசுங்கள்.