பொன்பரப்பியும் யாழ்ப்பாணமும்

1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழி தமிழரசனின் தமிழ்நாடு விடுதலைப்படை மீது விழுந்தது. செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கியைக் கொள்ளையடிக்கப்போன தமிழரசனையும் தோழர்கள் நால்வரையும் கூட்டம் அடித்தே கொன்றது. கூட்டத்தில் மஃப்டி போலீசார் இருந்தார்கள் என்று ஆதரவாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். எப்படியானாலும், ஊர் மறைத்துக் காக்காத கிளர்ச்சியாளருக்கு ஆயுள் குறைவு.

அரசுகளும் இதை அறிந்தவைதான். சீருடை இல்லாத எதிரி எந்த வீட்டில் தங்குகிறான் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னால்தான் படைக்குத் தெரியும். அதனால் துப்பாக்கியோடு சாலை, மருத்துவம், தேர்தல் எல்லாம் கூடவே போகின்றன. இது ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதற்கு அதே ஆண்டு யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப்படையைப் பார்க்கலாம்.

ஜூலை இறுதியில் இறங்கிய படையை மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் புலிகளுடன் போர் மூண்டது. தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த படையினர் சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரியிடம் அடி வாங்கும் சிப்பாய், எதிர்ப்படுகிறவரையெல்லாம் சந்தேகிக்கிறான். அவன் சந்தேகத்துக்கு ஆளாகும் ஒவ்வொரு வீடும் எதிரிப் பக்கம் சாய்கிறது. பிறகு படை எதைச் சீர்செய்து கொடுத்தாலும், சொந்தக்காரரை அடக்கம் செய்துவிட்டு வந்தவருக்கு அது பெரிதாகத் தெரியாது.

ஆனால் கோபத்தைவிட வலுவான காரணம், அடுத்த வருஷம் இங்கே யார் இருப்பார்கள் என்ற கணக்கு. பகலில் ரோந்து வரும் படை இரவில் முகாமுக்குத் திரும்பிவிடும். இயக்கத்துப் பெடியன்கள் ஊரிலேயே இருப்பார்கள். காட்டிக்கொடுத்தவருக்கு மரணம் என்பது எல்லோரும் அறிந்தது. படை ஒருநாள் கப்பலேறும் என்பதும்தான். படையை விரும்பியவர்கூட வாய் திறக்கத் தயங்கினார்கள் என்றால், அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

1988 நவம்பரில் படையின் பாதுகாப்பில் தேர்தல் நடந்து, ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைமையில் வடக்கு கிழக்கு மாகாண அரசு அமைந்தது. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். மக்களிடம் வேர் இல்லாத அந்த அரசைக் காக்க ஒரு தமிழ்ப் படை தேவைப்பட்டது. அதற்குத் தெருவில் போன இளைஞர்களை, பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து, கட்டாயமாகப் பிடித்தார்கள். ஆதரவு தேடப் பிறந்த ஏற்பாடே பெற்றவர்களைப் பகைத்துக்கொண்டது.

1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாயும் கப்பலேறினார். படையை நம்பி நின்றவர்களில் பலர் குடும்பத்தோடு தப்பி ஒடிசாவில் அகதிகளாகத் தங்கினார்கள். ஜூன் 19 அன்று, கோடம்பாக்கத்தில், ஈ.பி.ஆர்.எல்.எஃப். பொதுச்செயலாளர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அமைதிப்படை நாடு திரும்பி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.