வகுப்புப் பதற்றக் காலச் செய்திகளில் அடையாளச் சொற்கள்: குருநாகல் நிகழ்வை (2019) முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வகுப்புப் பதற்றம் நிலவும் காலத்தில் சமூகப் பெயர்களைச் செய்தியில் குறிப்பிடலாமா, தவிர்க்க வேண்டுமா என்பதே இதழியலில் பெரிதும் பேசப்படும் வினாவாக உள்ளது. அப்பெயர் தொடரில் என்ன பணி செய்கிறது என்பதே அதற்கு முன் கேட்கப்பட வேண்டிய வினா என்பதை, இலங்கையின் குருநாகலில் 2019ஆம் ஆண்டு எழுந்த கருத்தடைக் குற்றச்சாட்டுச் செய்தியின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இதழியல் மொழி, அடையாளச் சொல், தலைப்பு, வதந்தி, குருநாகல், அம்பாறை.

முன்னுரை

செய்தித் தலைப்பு ஒரு தொடரே எனினும், பெரும்பாலான வாசகர்க்கு அதுவே முழுச்செய்தியாக அமைந்துவிடுகிறது. செய்தியின் உட்பகுதியில் இடம்பெறும் ஐயங்களும் வரையறைகளும் தலைப்பில் இடம்பெறுவதில்லை. ஆகவே, பதற்றக் காலத்தில் ஒரு தலைப்பின் எழுவாய், அடைமொழி, வினைமுற்று ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்வது மொழியாய்வின் பணியாகவும் ஆகிறது.

தலைப்பு வெளியான சூழல்

2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் உயிர்த்த ஞாயிறு நாளில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மே மாத நடுப்பகுதியில் குருநாகல் மாவட்டம் உள்ளிட்ட பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்கு ஏறத்தாழப் பத்து நாள்களுக்குப் பின், மே 23 அன்று, ‘திவயின’ என்னும் சிங்கள நாளிதழ் அக்குற்றச்சாட்டை முதற்பக்கத்தில் வெளியிட்டது. சிசேரியன் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 4000 சிங்கள பௌத்தத் தாய்மாரைத் தவ்ஹீத் ஜமாஅத் மருத்துவர் ஒருவர் மலடாக்கினார் என்பதே அதன் பொருள். செய்தியில் மருத்துவரின் பெயர் இல்லை. எனினும், அடுத்த ஓரிரு நாள்களில் குருநாகல் மருத்துவமனையைச் சேர்ந்த ஒருவர் கைது செய்யப்பட்டார். அவருடைய சொத்துகள் குறித்து விசாரிப்பதாகக் காவல்துறை அப்போது தெரிவித்தது. செய்தி பரவிய பின்னரே நூற்றுக்கணக்கான பெண்கள் புகார் அளித்தனர்.

இக்குற்றச்சாட்டு வெற்றிடத்தில் தோன்றியதன்று. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி எழுந்தது. சிங்களம் நன்கறியாத உணவகத்தார் ஒருவர், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் நெருக்குதலில் கூறிய விடை ஒப்புதலாகக் காட்டப்பட்டுக் காணொளியாகப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை எனப்பட்டது மாவுக்கட்டியே என்பது அரசுப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. ஆகவே, குருநாகல் செய்தியை வாசித்தவர்களிடம் அக்கதையின் வடிவம் முன்னரே பதிந்திருந்தது.

தலைப்பின் சொற்கள்

இத்தலைப்பில் நான்கு கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, எழுவாய்க்கு முன் நிற்கும் அடை. ‘தவ்ஹீத் ஜமாஅத்’ என்னும் பெயர் குண்டுவெடிப்புகளோடு இணைத்துப் பேசப்பட்ட காலம் அது. மருத்துவர் என்பது தொழிலைக் குறிக்கும் பெயர். குற்றச்சாட்டும் தொழில் சார்ந்ததே. அவ்வாறிருக்க, அமைப்பின் பெயர் அடையாக வந்தவுடன் தனிமனிதர் மீதான குற்றச்சாட்டு ஒரு சமூகத்தின் திட்டமாக உருமாறுகிறது. காரணத்தைக் கூறாமலேயே காரணத்தை உணர்த்திவிடும் ஆற்றல் அடைமொழிக்கு உண்டு.

இரண்டாவது, செயப்படுபொருள். ‘பெண்கள்’ அல்லது ‘நோயாளிகள்’ என்பது நிகழ்விடத்திற்கு உரிய சொல். ‘சிங்கள பௌத்தத் தாய்மார்’ என்பதோ ஓர் இனத்தின் எதிர்காலத்தைச் சுட்டும் சொல். எழுவாயிலும் செயப்படுபொருளிலும் அடையாளம் அமைந்துவிட்டதால், மருத்துவமனை பற்றிய தொடர் இரு சமூகங்களைப் பற்றிய தொடராகிவிடுகிறது.

மூன்றாவது, எண். 4000 என்பது எத்தனை ஆண்டுகளில், எத்தனை அறுவைகளில், யாரால் எண்ணப்பட்டது என்னும் விவரங்களோடு சேர்ந்தால்தான் தகவலாகும். அவை இன்றி நிற்கும் முழு எண் அளவைக் காட்டாது. அச்சத்தின் பருமனையே காட்டும்.

நான்காவது, வினைமுற்று. ‘மலடாக்கினார்’ என்னும் இறந்தகால வினை முடிந்த செயலை உறுதியாகக் கூறுகிறது. அறுவை அரங்கில் மருத்துவர் தனியே இருப்பதில்லை. மயக்க மருந்து அளிப்பவரும் செவிலியரும் உடனிருப்பர். அவர்களிடம் கேட்டறியக்கூடிய ஒன்று, கேட்கப்படுவதற்கு முன்னரே முடிவாக அச்சேறியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் அவர்களை விசாரித்து, குற்றச்சாட்டை மெய்ப்பிக்கச் சான்று இல்லை என 2019 ஜூனில் நீதிமன்றத்திற்கு அறிவித்தது. ஜூலையில் மருத்துவர் பிணையில் விடுவிக்கப்பட்டார்.

‘கூறப்படுகிறது’ என்னும் காப்பு

வினைமுற்றை மாற்றி ‘மலடாக்கியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் குறை நீங்கியிருக்குமா? தமிழ் இதழ்கள் மிகுதியும் கையாளும் தொடர் இது. ஆனால் இச்செயப்பாட்டு வினை கூறியவரை மறைத்துவிடுகிறது. கூறியவர் பாதிக்கப்பட்டவரா, அதிகாரியா, பக்கத்து ஊர்க்காரரா என்பதை வாசகர் அறிய இயலாது. பலரும் கூறுகின்றனர் என்னும் எண்ணமே எஞ்சுகிறது. வதந்தியின் இயல்பும் அதுவே. காவல்துறை, மருத்துவமனை வட்டாரங்களின் தகவலை அடிப்படையாகக் கொண்டதாகவே அந்நாளிதழின் ஆசிரியரும் விளக்கமளித்தார். ‘வட்டாரம்’ என்பதும் பெயரற்ற எழுவாயே.

மே 23 அன்று அச்செய்தியில் பெயர் கூறிப் புகாரளித்தவரோ மருத்துவச் சான்றோ இல்லாத நிலையில், வெளியிடத்தக்க தலைப்பு எதுவும் இருக்கவில்லை என்பதே நேரிய முடிவு. கைதுக்குப் பின் ‘குருநாகல் மருத்துவர் கைது: சொத்துகள் குறித்துக் காவல்துறை விசாரணை’ என எழுத இடமுண்டு. இதில் தகவல் ஏதும் குறையவில்லை. மெய்ப்பிக்கப்படாத பகுதி மட்டுமே நீங்கியுள்ளது.

பெயரை மறைத்தலின் எல்லை

இவற்றைக் கொண்டு அடையாளத்தை எப்போதும் நீக்கிவிடலாம் என்று கொள்வதும் பிழை. கலவரச் செய்திகளில் சமூகப் பெயர் கூறாது ‘இரு பிரிவினரிடையே மோதல்’ என எழுதும் மரபு இந்திய இதழியலில் நெடுங்காலமாக உண்டு. பழிவாங்கும் உணர்வைத் தூண்டாதிருத்தலே அதன் நோக்கம். நிகழ்வு நடந்துகொண்டிருக்கும் முதற்சில மணி நேரங்களில் இது பயன் தருவது. ஆயினும் ‘மோதல்’ என்பது இருவர் செயலைக் குறிக்கும் சொல். 2019 மே மாதத்தில் கூட்டமாக வந்தோர் ஒரு சமூகத்தாரின் கடைகளை எரித்ததை ‘மோதல்’ என்பது, தாக்கியோரையும் தாக்கப்பட்டோரையும் சமமாக்கும். அங்கு ‘தாக்குதல்’ என்பதே பொருந்தும் சொல். அடையாளமே தாக்குதலுக்குக் காரணமாக இருக்கையில், தாக்கப்பட்டோரின் அடையாளத்தை மறைத்தால் நிகழ்வே விளங்காது.

ஆகவே, மருத்துவர் செய்தியில் அடையாளம் மெய்ப்பிக்கப்படாத ஒரு காரணத்தைப் புகுத்தியது. கடை எரிப்புச் செய்தியிலோ, கண்கூடான நிகழ்வை அது விளக்குகிறது. சொல் ஒன்றே எனினும் அது ஆற்றும் பணி வேறு.

மறுப்புச் செய்தி

மறுப்பிலும் இவ்வேறுபாடு செயற்படுகிறது. ‘உணவில் கருத்தடை மாத்திரை இல்லை’ என்னும் தலைப்பு வதந்தியின் சொற்களையே மீண்டும் அச்சிடுகிறது. ‘அம்பாறை உணவில் இருந்தது மாவுக்கட்டி: பகுப்பாய்வில் உறுதி’ என்பது உண்மையை எழுவாயாக்குகிறது. முன்னதில் வாசகர் நினைவில் தங்குவது மாத்திரை, பின்னதில் மாவு. எனினும் அம்பாறையில் பகுப்பாய்வு முடிவு வந்தபோது கடைகள் ஏற்கெனவே தாக்கப்பட்டுவிட்டன. மறுப்பு எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் காலத்தால் பிந்தியதே.

முடிவுரை

அடையாளச் சொல் இடம்பெறும் தலைப்பை அச்சேற்றுமுன் செய்தியாசிரியர் அச்சொல்லை நீக்கிப் படித்துப் பார்க்கலாம். நீக்கியபின் நிகழ்வு முழுமையாக விளங்கினால் அச்சொல் பகைக்கு மட்டுமே உதவுகிறது. நிகழ்வு விளங்காமற்போனால், அச்சொல் சுட்டும் காரணத்திற்குச் சான்று உண்டா என்பதையும் கேட்க வேண்டும். குருநாகல் தலைப்பில் அடையாளச் சொற்களை நீக்கினால், ஒரு மருத்துவர் மீது சான்றற்ற குற்றச்சாட்டு என்பதே எஞ்சும். அது முதற்பக்கத்திற்கு உரியதன்று என்பதை அச்சோதனையே காட்டியிருக்கும்.