தரவு தேர்ந்ததும் காரணம் தேர்ந்ததும்

1960-இல் எஃப்ராய்ம்சன் ஸ்டெப்வைஸ் முறைக்கான கணிப்பு வழியை எழுதினார். மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது, வலுவிழந்ததை வெளியே தள்ளுவது, இனிச் சேர்க்கவோ தள்ளவோ எதுவுமில்லை என்றதும் நிறுத்துவது. பின்னர் இது புள்ளியியல் மென்பொருள்களின் மெனுவில் ஏறியது. ஆய்வாளரின் விருப்புவெறுப்பு கலக்காமல் தரவே தேர்ந்தெடுக்கிறது என்று அன்று பலர் நம்பினார்கள்.

1983-இல் புள்ளியியலாளர் டேவிட் ஃப்ரீட்மன் அந்த நம்பிக்கையை அசைத்தார். 100 வரிசை, 50 மாறி, எல்லாமே கணினி உருவாக்கிய தற்செயல் எண்கள்; எதற்கும் எதனோடும் உறவே கிடையாது. முதல் சுற்றில் 25 சதவீத வரம்பைத் தாண்டிய 15 மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதே தரவில் மறுபடி கணக்கிட்டார். அவற்றில் 6 மாறிகள் 5 சதவீத அளவில் 'முக்கியமானவை' ஆகிவிட்டன! ஒரு மாறியை முன்கூட்டியே முடிவு செய்து சோதித்தால்தான் பி-மதிப்புக்குப் பொருள் உண்டு. தற்செயலாகப் பெரிதாக வந்தவற்றைப் பொறுக்கி, பொறுக்கிய தரவிலேயே சோதித்தால், கெழுக்கள் ஊதிப் பெருகும். பிழை வரம்புகள் பொய்யாகக் குறுகும்.

தேர்வு எவ்வளவு நிலையற்றது என்பதை 2004-இல் ஆஸ்டினும் டூவும் காட்டினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மாரடைப்பு நோயாளிகளின் தரவு; இறப்பைக் கணிக்க 29 மாறிகள். அதே தரவிலிருந்து 1,000 முறை மறுமாதிரி எடுத்துப் பின்னோக்கி நீக்கும் முறையை ஓட்டியதில், 940 வெவ்வேறு மாறித் தொகுப்புகள் வந்தன. எல்லாவற்றிலும் இடம்பெற்றவை மூன்று மாறிகள்தான்.

காரணம் தேடும் ஆய்வில் சேதம் இன்னும் பெரிது. உப்பு பக்கவாதத்தைக் கூட்டுகிறதா என்று கேட்கிறோம். உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, அழுத்தம் பக்கவாதத்தைக் கொண்டுவருகிறது. ஸ்டெப்வைஸ் வலுவான இரத்த அழுத்தத்தை முதலில் சேர்க்கும். பிறகு உப்புக்கு மிஞ்சுவது சொற்பம். அதை வெளியே தள்ளிவிடும். உப்பால் பாதகமில்லை என்ற முடிவுக்கு வந்து நிற்போம். எது இடைவழி, எது இரண்டையும் பாதிக்கும் குழப்பி என்பது தரவின் எண்களில் எழுதியிருக்காது. உடலியல் அறிவிலிருந்துதான் வரவேண்டும்.

அதனால் இன்று கவனமான ஆய்வாளர்கள் முடிவைப் பார்க்குமுன்பே காரணப் படம் வரைந்து மாறிகளை நிர்ணயிக்கிறார்கள். முன்னறிவு போதாத துறையில், கணிப்பு மட்டுமே நோக்கமென்றால், கெழுக்களைச் சுருக்கும் லாசோ போன்ற முறைகள் உதவும். அங்கும் தேர்வை மறுமாதிரிகளில் சோதித்தாக வேண்டும்.

பி-மதிப்பு 0.20 உள்ள வயதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்டால், இன்றைய ஆய்வாளர் இப்படிப் பதில் எழுதலாம்: "வயது உப்பு உண்ணும் பழக்கத்தையும் பக்கவாதத்தையும் பாதிப்பது. தரவைத் திறக்குமுன்பே திட்டத்தில் எழுதிவைத்தோம். இந்த மாதிரி சிறியது என்பதால் மட்டும் அதை நீக்க மாட்டோம்."