ரூமை எத்தனை மணிக்குக் காலி செய்யணும்?

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்த குடும்பம். அட்வான்ஸ் கட்டி, நோட்டில் கையெழுத்துப் போட்டு, சாவியும் வாங்கியாயிற்று. மாடிப்படி ஏறப் போன அம்மா திரும்பி வந்து மேனேஜரைக் கேட்கிறார்.

"தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு ரூமைக் காலி பண்ணணும்? பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கலாம்தானே?"

"இல்லம்மா, இங்க 24 மணி நேரம். இப்ப அஞ்சரைக்கு என்ட்ரி போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில அஞ்சரை வரைக்கும் உங்க ரூம்."

"அஞ்சரைக்கா? அந்த நேரத்துல நாங்க ஸ்படிக லிங்க தரிசன வரிசையில நிப்போமே!"

மேனேஜர் சொன்னது சரி. அம்மா கேட்டதும் நியாயம். அறை வாடகையில் 'ஒரு நாள்' என்பது எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடிகிறது என்பதை விடுதிகள் இரண்டு விதமாகக் கணக்கிடுகின்றன. எந்தக் கணக்கு என்று தெரியாமல் சாவியை வாங்குகிறவர்களுக்குத்தான் புறப்படும்போது பில்லில் அதிர்ச்சி காத்திருக்கிறது.

முதல் வகை, நண்பகல் செக்-அவுட். இங்கே விடுதியின் நாள் பகல் 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் பகல் 12 மணிக்கு முடியும். நீங்கள் மாலை 4 மணிக்கு வந்தாலும் இரவு 11 மணிக்கு வந்தாலும் மறுநாள் பகல் 12 மணிக்கு அறையை விட்டுவிட வேண்டும். இரவு 11 மணிக்கு வந்தவருக்குக் கிடைப்பது 13 மணி நேரம்தான், ஆனால் வாடகை முழு நாளுக்கு. சில விடுதிகள் 11 மணிக்கே காலி செய்யச் சொல்லி, அடுத்தவரை 1 மணிக்கோ 2 மணிக்கோ உள்ளே விடுகின்றன. அந்த இடைவெளியில்தான் படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் நடக்கும். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் காலியானால் துப்புரவு ஆட்களை ஒரே ஷிஃப்டில் வைத்து வேலையை முடிக்கலாம். பெரிய ஹோட்டல்கள் இந்த முறையை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வகை, 24 மணி நேர செக்-அவுட். இங்கே கடிகாரம் உங்களோடு ஓடுகிறது. நீங்கள் என்ட்ரி போட்ட மணியிலிருந்து மறுநாள் அதே மணி வரை ஒரு நாள். கோயில் ஊர்களிலும் ரயில் நிலையம், பேருந்து நிலையம் பக்கத்திலும் உள்ள லாட்ஜ்களில் இது அதிகம். அங்கே ஆட்கள் இரவு 2 மணிக்கும் வருவார்கள், விடியற்காலை 5 மணிக்கும் வருவார்கள். அவர்களை நண்பகல் வரை வராந்தாவில் உட்கார வைத்தால் அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார்கள். எனவே அறை எப்போது காலியாகிறதோ அப்போதே ரூம் பாயை அனுப்பிச் சுத்தம் செய்து, அப்போதே அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள்.

24 மணி நேரம் என்றதும் பலருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது: கொடுத்த காசுக்கு முழு நாள் கிடைக்கிறது, ஆகவே இதுதான் லாபம் என்று. மாலையில் வருகிறவர்களுக்கு அது உண்மை. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வந்து, ஞாயிறு மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, 5 மணிக்குக் கிளம்புகிறவருக்கு ஒரு நாள் வாடகையோடு முடிந்துவிடும். அதே ஆள் நண்பகல் விடுதியில் இருந்தால் ஞாயிறு 12 மணிக்கே பெட்டியோடு வெளியே நிற்க வேண்டும், அல்லது கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆனால் விடியற்காலையில் வருகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அவருடைய 24 மணி நேரம் மறுநாள் விடியற்காலையில் முடிகிறது. யாரும் வழக்கமாக அறையைக் காலி செய்யாத நேரம் அது.

அந்த ராமேஸ்வரக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை 5.30க்கு என்ட்ரி. மறுநாள் ஞாயிறு மாலை ரயில். முதல் நாள் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் நீராடல், ஈரத் துணி மாற்றிக்கொண்டு சாமி தரிசனம், பிறகு தனுஷ்கோடி. மறுநாள் அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனம். அதிலிருந்து வந்து டிபன் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, மாலை 4 மணிக்குக் கிளம்புவது என்று திட்டம். வாடகை நாளொன்றுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை 5.30க்கு முதல் நாள் முடிந்துவிட்டது. மாலை 4 மணி வரை பத்தரை மணி நேரம் கூடுதல். இரண்டாம் நாள் வாடகை விழும். மொத்தம் 3,000 ரூபாய்.

நண்பகல் விடுதியாக இருந்திருந்தால்? சனிக்கிழமை காலை 5.30லிருந்து 12 மணி வரை உள்ள நேரம் முந்தைய நாளின் கணக்கில் வருகிறது. அறை காலியாக இருந்து, மேனேஜரும் நல்ல மனது வைத்தால் சும்மாவே விடுவார். இல்லாவிட்டால் அரை நாள் வாடகை 750 ரூபாய் கேட்பார். சனி, ஞாயிறு, திருவிழா நாட்களில் முழு நாளே கேட்பார்கள். அதன்பின் ஞாயிறு பகல் 12 வரை 1,500. மாலை 4 மணி வரை அறை வேண்டாம், பெட்டிகளை மட்டும் ரிசப்ஷனில் வைத்துக்கொள்கிறோம் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஆக 1,500லிருந்து 3,000 வரை எங்கேயாவது நிற்கும். அந்த நான்கு மணி நேரமும் அறை வேண்டும் என்றால், அதற்கும் முழு நாள் போடுகிற விடுதியில் 4,500 ரூபாய்க்குப் போய்விடும்.

இதே 24 மணி நேர லாட்ஜில் இதே குடும்பம் 1,500 ரூபாயோடு முடித்திருக்க ஒரு வழி உண்டு. 5.30க்கு லாட்ஜுக்கு வந்ததும், "என்ட்ரி இப்ப போடாதீங்க, பெட்டியை மட்டும் இங்க வச்சுட்டுப் போறோம், பத்து மணிக்கு வந்து ரூம் எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, முதலில் தனுஷ்கோடிக்குப் போயிருக்கலாம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். 10 மணிக்கு என்ட்ரி போட்டால் மறுநாள் 10 மணி வரை அறை அவர்களுடையது. விடியற்காலை தரிசனம் முடித்து அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, நிதானமாக 10 மணிக்குள் காலி செய்யலாம். அதன்பின் மாலை வரை பெட்டி ரிசப்ஷனில் இருக்கும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் இரவெல்லாம் ரயிலில் வந்தவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு உடனே ஒரு படுக்கையும் கழிப்பறையும் தேவை. இன்னொரு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை. ஆனால் உடம்பில் தெம்புள்ளவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

தகராறு பெரும்பாலும் சில்லறை நிமிடங்களில்தான் பிறக்கிறது. நோட்டில் பெயர் எழுதியது 5.30. அறை சுத்தமாகிச் சாவி கைக்கு வந்தது 6.45. கணக்கு எதிலிருந்து? லாட்ஜ்காரர் நோட்டில் உள்ள மணியைத்தான் காட்டுவார். கம்ப்யூட்டர் பில் போடுகிற இடத்தில் என்ட்ரி போட்ட மணி தானாகவே அச்சாகிவிடும். எனவே காத்திருக்கச் சொன்னால், சாவி கொடுக்கும் நேரத்தையே வருகை நேரமாகப் போடச் சொல்லி அப்போதே கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. புறப்படும்போதும் இதே கதைதான். ரூம் பாய் வந்து டவல், ரிமோட், பக்கெட் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் பில் போடுவார்கள். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கடைசி நிமிடத்தில் இறங்கி வந்தால் மணி தாண்டிவிடும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஆள் அறையில் இல்லை என்பதால் அறை காலியாகிவிடாது. பூட்டிவிட்டுத் தரிசனத்துக்குப் போய்விட்டு, "நாங்க காலையிலேயே கிளம்பிட்டோமே" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உள்ளே ஒரு பை இருந்தாலும் அறை உங்கள் வசம் இருப்பதாகத்தான் பொருள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம்தான் காலி செய்த நேரம்.

நேரம் தாண்டினால் என்ன? பல லாட்ஜ்களில் அரை மணியோ ஒரு மணியோ சலுகை தருவார்கள். அது அவர்கள் தருவது, நாம் உரிமையாகக் கேட்கக்கூடியது இல்லை. அதற்கு மேல் போனால் சில இடங்களில் மணிக்கு இவ்வளவு என்பார்கள், சில இடங்களில் அரை நாள், சில இடங்களில் நேராக ஒரு முழு நாள். பக்கத்து லாட்ஜில் போன தடவை விட்டார்கள் என்பது இந்த லாட்ஜில் செல்லாது. அடுத்த பார்ட்டி முன்பதிவு செய்து வாசலில் நிற்கும் முகூர்த்த நாளில் அந்தச் சலுகையும் இருக்காது.

ஆன்லைனில் பதிவு செய்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாசலில் '24 மணி நேர செக்-அவுட்' என்று போர்டு தொங்கும். நீங்கள் செயலியில் பதிவு செய்த சீட்டிலோ செக்-இன் 12 மணி, செக்-அவுட் 11 மணி என்றிருக்கும். இப்படி இருந்தால், நேரில் வருகிறவர்களுக்குத்தான் 24 மணி நேரம், ஆன்லைன் ஆட்களுக்குச் சீட்டில் உள்ளபடிதான் என்று பல லாட்ஜ்களில் சொல்கிறார்கள். நீங்கள் பணம் கட்டியது அந்தச் சீட்டின் நிபந்தனைக்குத்தான் என்பதால் வாதாடி ஜெயிப்பது கடினம். பதிவு செய்யும் முன்பு லாட்ஜுக்கே ஒரு போன் போட்டு, விடியற்காலை வருவதைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

போனிலும் நேரிலும் 'செக்-அவுட் எப்போ?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "நான் சனிக்கிழமை காலை அஞ்சரைக்கு வரேன், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்புறேன், மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு தொகையைச் சொல்லியே ஆக வேண்டும். முன்கூட்டி வந்ததற்கு எவ்வளவு, தாண்டியதற்கு எவ்வளவு என்பது அதிலேயே வெளியே வந்துவிடும்.

அட்வான்ஸ் கட்டும்போது தரும் ரசீதில் தேதி, அறை எண், வாடகை, முன்பணம் இருக்கும். காலி செய்ய வேண்டிய நாளும் மணியும் பெரும்பாலும் இருக்காது. மேனேஜரிடம் பேனாவைக் கொடுத்து, 'ஞாயிறு காலை 10.00' என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு மாறாக ஒரு நாள் வாடகை கூடுதலாகப் பிடித்தால், பில்லைக் கேட்டு வாங்கி வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதுதான்.