யாருக்கு இந்த பிரெட்?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன பேக்கரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஓவன், ஒரு மாஸ்டர், இரண்டு உதவியாட்கள், கல்லாவில் முதலாளி. வாசலை ஒட்டிய கண்ணாடிப் பெட்டி முழுக்க கேக்குகள். பிளாக் ஃபாரஸ்ட், பட்டர்ஸ்காட்ச், மேலே செர்ரி வைத்த பேஸ்ட்ரி. பிரெட்டும் ரஸ்க்கும் உள்ளே, பின்சுவர் அலமாரியில். "உங்கள் கடை என்ன கடை?" என்று முதலாளியைக் கேட்டால், யோசிக்காமல் "கேக் கடை" என்பார்.

அவர் சொல்வது சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வணிகவியல் வகுப்புகளில் அதற்கு செக்மென்டேஷன், டார்கெட்டிங், பொசிஷனிங் என்று மூன்று பெயர் வைத்து, எஸ்.டி.பி. என்று சுருக்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருகிறவர்களை வகை பிரிப்பது, அதில் யாரை முக்கியமாகப் பிடிப்பது என்று முடிவு செய்வது, அவர்கள் மனதில் என்ன பெயர் எடுப்பது என்று தீர்மானிப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே வழி தவறுகிறார்கள்.

வகை பிரிக்கச் சொன்னால் வயது, வருமானம், ஆண், பெண் என்று பிரிப்பதே வழக்கம். பேக்கரிக்கு இது உதவாது. நாற்பது வயதுள்ள ஒரே ஆள் காலையில் வீட்டுக்கு பிரெட் வாங்குகிறார், மாலையில் டீயோடு பப்ஸ் சாப்பிடுகிறார், மகள் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக் சொல்கிறார். ஆள் ஒருவர்தான், தேவை மூன்று. ஆகவே ஆளைப் பிரிப்பதைவிட, அவர் வந்த காரணத்தைப் பிரிப்பதே இங்கே பயன் தரும். சந்தை என்பது ஒரே மாதிரியான கூட்டம் அல்ல, வெவ்வேறு தேவை உள்ள சிறு சந்தைகளின் தொகுப்பு என்று 1956-இல் அமெரிக்கரான வெண்டல் ஸ்மித் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் பேசியதும் தேவையைப் பற்றித்தான். வயதும் வருமானமும் முன்னுக்கு வந்தது, அவை எண்ணுவதற்கு எளிது என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

நம் முதலாளிக்கு ஒரு பழைய பில் புத்தகம் போதும். பின்பக்கத்தில் மூன்று பத்தி போடுகிறார்: நேரம், வாங்கியது, யாருக்கு. முதல் இரண்டும் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்றாவதைப் பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும்.

"அண்ணே, இந்த பிரெட் என்னிக்குப் போட்டது?"

"இன்னிக்குக் காலையிலதாம்மா. யாருக்கு, பேஷண்டுக்கா?"

"ஆமாண்ணே, அம்மாவுக்கு. பால்ல தொட்டுக் குடுக்கச் சொன்னாங்க. கட் பண்ணியே குடுத்துருங்க."

கையில் வயர்கூடை, ஃப்ளாஸ்க், மடித்த ஓ.பி. சீட்டு. கேட்காவிட்டாலும் தெரியும்தான். இரண்டு வாரம் இப்படிக் குறித்து, ஒரு நாள் சராசரி எடுக்கிறார். கணக்கு புரிவதற்காக எண்களை நானே போடுகிறேன். காலையில் பால் வாங்கிவிட்டு வருகிறவர்கள் 70 பேர், தலைக்கு 45 ரூபாய். மாலை நாலு மணிக்கு மேல் பப்ஸ், பன், டீ என்று வருகிறவர்கள் 110 பேர், தலைக்கு 40 ரூபாய். கேக் வாரத்துக்கு 14, ஒன்று 650 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 1300 ரூபாய். நோயாளிக்கு வாங்குகிறவர்கள் 45 பேர், தலைக்கு 80 ரூபாய்: ஒரு பிரெட், ஒரு ரஸ்க் பாக்கெட், ஒரு பன்.

மொத்தம் 12,450 ரூபாய். அதில் கேக் பத்தில் ஒரு பங்குதான். வாசல் கண்ணாடிப் பெட்டியையும், ஃபிரிட்ஜில் பாதியையும், மாஸ்டரின் முற்பகல் முழுவதையும் கேக்கே எடுத்துக்கொள்கிறது. மருத்துவமனைக் கூட்டமோ 3600 ரூபாய்க்கு வாங்குகிறது. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் பின்சுவர் அலமாரியில் கிடக்கிறது.

இரண்டாவது படி, யாரை முக்கியமாகப் பிடிப்பது. தொகையை மட்டும் பார்த்தால் மாலைக் கூட்டத்தின் 4400 ரூபாய்தான் பெரிது. ஆனால் அந்த நேரத்தில் நம் கடைக்குப் போட்டி இன்னொரு பேக்கரி அல்ல, தெருமுனையில் கொதிக்கிற எண்ணெயில் விழும் பஜ்ஜி. பப்ஸ் ஓவனிலிருந்து வந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் நமத்துப்போகும். மழை வந்தால் கூட்டம் பாதியாகும், பள்ளி லீவு விட்டாலும் குறையும். மிஞ்சிய பப்ஸை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

மிஞ்சிய பிரெட்டுக்கு வழி இருக்கிறது, அதுதான் ரஸ்க். இரவு கடை அடைக்கும்போது விற்காத பிரெட்டைத் துண்டு போட்டு, மிதமான சூட்டில் ஈரம் போகக் காயவைத்தால் ரஸ்க் ஆகிறது. 400 கிராம் பிரெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அது போனபின் சுமார் 260 கிராம் ரஸ்க் நிற்கும். பிரெட் விலை 40 ரூபாய், 200 கிராம் ரஸ்க் பாக்கெட் 30 ரூபாய் என்றால், விற்காமல் போன பிரெட் 39 ரூபாய் ரஸ்க்காகத் திரும்புகிறது. எரிபொருளும் கூலியும் போக, நட்டம் கிட்டத்தட்ட இல்லை. அந்த ரஸ்க்கை வாங்குகிறவரும் அதே நோயாளி வீட்டுக்காரர்தான். ஒரு பிரிவுக்குச் செய்யும் பண்டத்தின் மிச்சத்தை அதே பிரிவு வாங்கிக்கொள்வது எல்லாத் தொழிலிலும் அமையாது. தொகையில் இரண்டாம் இடத்தில் இருக்கும் மருத்துவமனைக் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கூடவே, ஞாயிறு, தீபாவளி, பொங்கல் என்று பாராமல் வார்டில் ஆட்கள் இருப்பார்கள்.

தேர்வு என்றால் மற்றவர்களைத் துரத்துவது அல்ல. பப்ஸ் மாலையில் எப்போதும்போல் இருக்கட்டும். காலைக் கூட்டம் வாங்குவதும் அதே பிரெட்தான். மாற வேண்டியது கேக். முந்தைய நாளே சொன்னால் மட்டும் செய்து தருவது என்று வைத்துவிட்டால் கண்ணாடிப் பெட்டி காலியாகும், அங்கே பிரெட் வரும். மாஸ்டரின் முற்பகலும் காலியாகும். அந்த நேரம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது படியான பொசிஷனிங்கைப் பலர் விளம்பரப் பலகை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1972-இல் அல் ரீஸ், ஜாக் ட்ரவுட் என்ற இரண்டு விளம்பரக்காரர்கள் ஒரு பத்திரிகைத் தொடர் வழியாக இந்தச் சொல்லைப் பரப்பினார்கள். பண்டத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைவிட, வாங்குகிறவர் மனதில் அதற்கு எந்த இடம் கிடைக்கிறது என்பதே முக்கியம் என்பது அவர்கள் வாதம். நமக்குத் தெரிந்த உதாரணம் ஐயங்கார் பேக்கரி. பெங்களூரில் வேர்விட்ட பெயர், இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பலகைகளிலும் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர் அந்தப் பலகையைப் பார்த்தால் எதையும் விசாரிக்காமல் உள்ளே போய்விடுவார்.

நம் கடைக்கு எந்த இடம்? இதைத் தெரிந்துகொள்ள, வாங்க வருகிறவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியைக் கேட்டால் போதும். "என்னிக்குப் போட்டது?" விலையையோ பிராண்டையோ யாரும் கேட்கவில்லை. மருத்துவமனை வாசல் டீக்கடையிலும் மெடிக்கலிலும் கவர் போட்ட பிரெட் கிடைக்கிறது, ஆனால் அது அன்றைக்குச் செய்ததாக இருக்காது. ஆகவே நம் இடம்: இன்று சுட்டது மட்டும். இதைச் சொல்லிவிட்டுக் காப்பாற்றுவது மற்றவர்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் இரவில் மிஞ்சுவதை அவர்கள் தூக்கி எறிய வேண்டும். நமக்கு அது ரஸ்க் ஆகிவிடுகிறது. காப்பாற்றக் கட்டுப்படியாகிற வாக்கைத்தான் கொடுக்க வேண்டும் என்பதை எந்தப் பலகை எழுதுகிறவரும் சொல்ல மாட்டார்.

இங்கே ஓர் ஆசை வரும். "சுகர் பேஷண்டுகளுக்கு ஏற்றது" என்று எழுதினால் இன்னும் நாலு பேர் வருவார்களே? எழுதக் கூடாது. பிரெட்டில் சர்க்கரையைக் குறைக்கலாம், ஆனால் மைதாவே உடம்புக்குள் போய் குளுக்கோஸாகிறது. கோதுமை பிரெட் என்று சொல்லிக்கொண்டு மைதாவில் கேரமல் நிறம் சேர்ப்பதும் அதே ரகம். முழுக் கோதுமையில் போட்டால் மாவு அவ்வளவு எழும்பாது, பிரெட் கனமாக இருக்கும். அதைச் செய்ய மனமிருந்தால் மட்டுமே அந்தப் பெயரைச் சொல்லலாம்.

இந்தப் பிரிவில் ஒரு வினோதம் உண்டு. வாங்குகிறவர் நான்கைந்து நாளில் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய்விடுவார், அடுத்த வாரம் வேறு ஆட்கள். கடையின் பெயர் அவர்கள் மனதில் பதிந்து என்ன பயன்? பதிய வேண்டியது வார்டு ஆயாக்கள், ஆட்டோ ஸ்டாண்ட்காரர்கள், வாசலில் இளநீர் விற்கிறவர் மனதில். புதிதாக வந்தவர் யாரிடம் "பிரெட் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பாரோ அவர்கள்தான் இந்தக் கடையின் விளம்பரம். அதனால் சொல்வதும் சுருக்கமாக, வாய்க்கு வாய் மாறாமல் போகிறதாக இருக்க வேண்டும். "ரெண்டாவது தெரு, அன்னன்னிக்குப் போட்ட பிரெட்." இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் வழியிலேயே தொலைந்துபோகும்.

இனி மாஸ்டரின் முற்பகலுக்கு வருவோம். விடியற்காலையில் போட்ட 60 பிரெட்டும் மூன்றரை மணிக்குத் தீர்ந்துபோகிறது என்று வையுங்கள். நான்கு மணிக்குத்தான் பார்வையாளர் நேரம். அப்போது "தீர்ந்துபோச்சு" என்று ஒரு வாரம் சொன்னால் ஆட்டோக்காரர் வேறு கடையைக் காட்டத் தொடங்கிவிடுவார். ஆகவே மதியம் இரண்டாவது முறை பிரெட் போட வேண்டும். பிசைந்து, மாவு எழும்பி, சுட்டு, ஆறவைத்து வெட்ட நான்கு மணி நேரமாவது ஆகும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும். மூன்றரைக்கு அலமாரியில் இருக்க வேண்டுமானால் பதினொன்றரைக்குப் பிசைய வேண்டும். அது மாஸ்டர் கேக்குக்கு ஐசிங் போட்டுக்கொண்டிருந்த நேரம். கேக்கையும் விட மாட்டேன், பிரெட்டும் வேண்டும் என்று முதலாளி நின்றால் இந்த இடத்தில்தான் எல்லாம் உடையும்.

எடுபட்டதா என்று எப்படித் தெரியும்? விற்பனை கூடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கல்லாவில் வரும் கேள்வி மாறுகிறதா என்று பார்ப்பது நம்பகமானது. "என்னிக்குப் போட்டது?" என்பது குறைந்து, புது முகங்களே "காலையில போட்டதா, மதியம் போட்டதா?" என்று கேட்க ஆரம்பித்தால், கடை வாசலை மிதிக்கும் முன்பே அவர்களுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த முறையையே சந்தேகிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பேராசிரியர் பைரன் ஷார்ப் 2010-இல் எழுதிய புத்தகத்தில், போட்டி பிராண்டுகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்தான், வளர வேண்டுமானால் எல்லாரையும் போய்ச் சேருங்கள் என்றார். நாடு முழுக்க பிஸ்கட் விற்கும் கம்பெனிக்கு அது பொருந்தலாம். எல்லாரையும் சேர நம் கடைக்கு இன்னும் இரண்டு ஓவன் வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு. மருத்துவமனையைப் புறநகரில் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டால் 3600 ரூபாயும் அதோடு போய்விடும். ஒரே நாளில் அல்ல, பிரிவு பிரிவாக மாற்றுவார்கள், விற்பனை மெல்லச் சரியும். மொத்தக் கல்லாவைப் பார்த்தால் மழைக்காலம், மாதக் கடைசி என்றே தோன்றும். பில் புத்தகத்தின் மூன்றாவது பத்தியில்தான் அது முதலில் தெரியும். அதனால் வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த இரண்டு வாரக் கணக்கை மறுபடி எழுத வேண்டும். அப்போது சாய்ந்துகொள்ள இருப்பது பால் வாங்கிவிட்டு வரும் அந்த 70 பேர். அன்றன்று சுட்ட பிரெட் அவர்களுக்கும் வேண்டும். ஆனால் அவர்கள் ரஸ்க் குறைவாகத்தான் வாங்குவார்கள், எனவே விடியற்காலையில் எத்தனை பிரெட் போடுவது என்ற கணக்கை அப்போது புதிதாகப் போட வேண்டியிருக்கும்.